நிறுத்திவைத்த பணத்தை விடுவிக்கக் கேட்கும் கடிதம்

கடைக்காரரின் இணையதளத்தில் ஒருவர் கார்டு போட்டுச் சேலை வாங்கினால், பணம் நேராகக் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. நடுவில் ஒரு பேமென்ட் நிறுவனம் இருக்கிறது. அது வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து வரும் தொகையை வாங்கி, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, ஓரிரு நாளில் மொத்தமாகக் கடைக்கு அனுப்புகிறது. இப்படி அனுப்புவதற்குப் பெயர் செட்டில்மென்ட். ஒருநாள் அது வராமல் நின்றுபோகும். "உங்கள் கணக்கு ஆய்வில் உள்ளது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் மட்டும் வரும். அப்போது கடைக்காரர் எழுத வேண்டிய கடிதம் தனி வகையானது. கெஞ்சி எழுதுவதும் மிரட்டி எழுதுவதும் அதில் எடுபடாது. கணக்கு எடுபடும்.

ஏன் கணக்கு என்பது புரிய, டிஸ்பியூட் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பொருள் வரவில்லை, வந்தது வேறு பொருள், திருப்பித் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை, இந்தச் செலவை நான் செய்யவே இல்லை என்று வாடிக்கையாளர் தன் கார்டு வங்கியிடம் சொல்வதுதான் டிஸ்பியூட். வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாகக் கடைத் தரப்பு வங்கிக்கு அனுப்பும். அந்த வங்கி பேமென்ட் நிறுவனத்தைக் கேட்கும். நிறுவனம் கடையைக் கேட்கும். கடை பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் போதவில்லை என்றாலோ, பணம் அதே வழியில் வாடிக்கையாளருக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பப் பிடிப்பதைச் சார்ஜ்பேக் என்கிறார்கள். கடையின் கணக்கில் அன்று பணம் இல்லாவிட்டாலும் சங்கிலி நிற்பதில்லை. பேமென்ட் நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும்.

கார்டு நெட்வொர்க்குகளின் விதிப்படி, பொருள் வரவில்லை என்பது போன்ற குறைகளுக்கு வாடிக்கையாளருக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அதாவது இன்று செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு நாளை கடையை மூடிவிட்டுப் போகிறவர் விட்டுச்செல்லும் பாக்கி, அடுத்த நான்கு மாதத்துக்கு நிறுவனத்தின் தலையில் விழும். டிஸ்பியூட் திடீரென்று கூடும்போது நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவு பார்ப்பது இதைத்தான். கடைக்காரர் நல்லவரா என்ற விசாரணை அங்கே நடப்பதில்லை. இவர் இன்றைக்கே காணாமல் போனால் நமக்கு எவ்வளவு நட்டம் என்பதே கேள்வி. அதற்கு நம்பத்தக்க விடை இல்லாதபோது, முழுப் பணத்தையும் நிறுத்திவைப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பான விடை. கடிதத்தின் வேலை, அந்த விடைக்குப் பதிலாக ஒரு எண்ணைக் கொடுப்பது.

இந்தியாவில் இன்னொரு கூறும் உண்டு. உள்நாட்டுக் கார்டில் இணையம் வழி வாங்கும்போது பெரும்பாலும் ஓ.டி.பி. கேட்கிறார்கள். ஓ.டி.பி. போட்டு நடந்த பரிவர்த்தனையை "நான் செய்யவில்லை" என்று ஒருவர் மறுத்தால், அந்த நட்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியைச் சேரும், கடைக்கு வராது. ஆனால் பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை என்ற புகார்களுக்கு ஓ.டி.பி. எந்தக் காப்பும் தராது. ஆகவே உள்நாட்டில் விற்கும் ஒரு சிறு கடையில் டிஸ்பியூட் குவிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கூரியரையும் ரீஃபண்ட் கணக்கையும்தான். வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும் கடையின் நிலை வேறு, ஓ.டி.பி. இல்லாமல் நடந்த விற்பனையில் மோசடிப் புகாரும் கடையையே சேரலாம்.

எழுத உட்காரும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: பணம் நின்றது உண்மையிலேயே டிஸ்பியூட்டால்தானா? அடையாள ஆவணங்கள் காலாவதியானாலும் செட்டில்மென்ட் நிற்கும். புது ஆவணத்தை ஏற்றினால் அது தீர்ந்துவிடும். சைபர் குற்றப் பிரிவிலிருந்து காவல்துறை கடிதம் வந்து ஒரு தொகை முடக்கப்பட்டிருந்தால், பேமென்ட் நிறுவனம் தானாக அதை விடுவிக்க முடியாது. அங்கே கடைக்காரர் பேச வேண்டியது விசாரணை அதிகாரியிடம். இந்த மூன்றையும் ஒரே கடிதத்தில் குழப்பி எழுதுகிறவர்களுக்கு "ஆய்வில் உள்ளது" என்ற அதே பதில்தான் திரும்பத் திரும்ப வரும்.

இனி ஓர் உதாரணம். ஈரோட்டில் சேலையும் போர்வையும் விற்கும் ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆர்டர் 1,250 ரூபாய். சாதாரண மாதத்தில் 700 ஆர்டர், அதில் டிஸ்பியூட் மூன்று. தீபாவளி வந்த அக்டோபரில் 2,400 ஆர்டர். நவம்பரில் 25ஆம் தேதி வரை 800. அந்த நவம்பரில் வந்த டிஸ்பியூட் 31. மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து செட்டில்மென்ட் நிற்கிறது. 25ஆம் தேதிவரை நின்ற தொகை 6,40,000 ரூபாய்.

இந்த 31 என்ற எண்ணிக்கை பார்க்கிறவரைப் பொறுத்து மாறும். மாஸ்டர்கார்டு தன் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு மாத டிஸ்பியூட்டை அதற்கு முந்தைய மாத விற்பனை எண்ணிக்கையால் வகுக்கிறது. இந்தக் கடையின் எல்லா டிஸ்பியூட்டையும் அந்த முறையில் அக்டோபரின் 2,400 ஆர்டரால் வகுத்தால் 1.3 சதவீதம். விசா அதே மாத விற்பனையால் வகுக்கிறது. நவம்பரின் 800ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.9 சதவீதம். பண்டிகைக்குப் பிறகு விற்பனை வடிந்துவிடுகிறது, பண்டிகை விற்பனையின் புகார்கள் அப்போதுதான் வந்து சேர்கின்றன. எனவே சீசன் கடைகளுக்கு நவம்பர் விகிதம் உள்ளதைவிட மோசமாகத் தெரிவது இயல்பு. கடைக்காரர் இதைச் சொல்லாவிட்டால் ரிஸ்க் பிரிவில் யாரும் அவருக்காகச் சொல்லப்போவதில்லை. மாஸ்டர்கார்டின் திட்டத்தில் சிக்க, விகிதம் 1.5 சதவீதத்தைத் தொடுவதோடு மாதத்துக்கு 100 சார்ஜ்பேக்காவது இருக்க வேண்டும். இந்தக் கடை அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனாலும் பேமென்ட் நிறுவனம் தன் சொந்த எச்சரிக்கை எல்லையை இதைவிடக் கீழே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்பதால், "நெட்வொர்க் விதியை மீறவில்லையே" என்று வாதாடிப் பயனில்லை.

அடுத்தது 31 டிஸ்பியூட்டையும் காரணவாரியாகப் பிரிப்பது. இதுதான் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, பெரும்பாலோர் தவிர்க்கிற வேலையும் இதுவே. நிறுவனத்தின் டாஷ்போர்டில் ஒவ்வொரு டிஸ்பியூட்டுக்கும் ஒரு காரணக் குறியீடு இருக்கும். விசாவில் 13.1 என்றால் பொருள் வரவில்லை, 13.3 என்றால் சொன்னபடி இல்லை. அதை ஆர்டர் எண்ணோடும், கூரியரின் ஏ.டபிள்யூ.பி. எண்ணோடும் சேர்த்து ஒரே தாளில் எழுதினால் படம் தெளிவாகும். நம் கடையில் 22 டிஸ்பியூட், அக்டோபர் 17 அன்று ஒரே வண்டியில் போன 58 பார்சல்களிலிருந்து வந்தவை; மழையில் கூரியர் கிடங்கிலேயே அந்த மூட்டை தங்கிவிட்டது. ஐந்து, நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை என்பவை. மூன்று, பணம் திருப்பித் தருகிறோம் என்று போனில் சொல்லிவிட்டு ரீஃபண்ட் போட மறந்தவை. ஒன்று, கார்டு ஸ்டேட்மென்ட்டில் கடைப் பெயருக்குப் பதில் உரிமையாளரின் பெயர் வந்ததால், "இது யாருடைய செலவு?" என்று வாடிக்கையாளர் மறுத்தது.

இவற்றில் எதை எதிர்ப்பது, எதை ஒப்புக்கொள்வது என்பதில் நிதானம் வேண்டும். 22 பேரில் 13 பேருக்குப் பொருள் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்து, அவர்கள் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; டெலிவரிச் சான்று இருக்கிறது. அவற்றை எதிர்க்கலாம். ஒன்பது பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவற்றையும், ரீஃபண்ட் மறந்த மூன்றையும் ஒப்புக்கொள்வதுதான் முறை. எல்லாவற்றையும் எதிர்த்துப் பார்ப்போம் என்று இறங்கும் கடை, சான்று இருக்கும் வழக்கிலும் நம்பிக்கையை இழக்கிறது. ஒப்புக்கொள்ளும்போது செய்யக் கூடாதது ஒன்று: டிஸ்பியூட் திறந்த பிறகு தனியாக ரீஃபண்டும் போடுவது. வாடிக்கையாளருக்கு இரண்டு முறை பணம் போய்விடும், ஒன்றைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. டாஷ்போர்டில் டிஸ்பியூட்டை ஏற்றுக்கொள்வதாகப் பதிவதே போதும். டிஸ்பியூட்டே வராத பார்சல்களுக்குத்தான் ரீஃபண்ட். அந்த மூட்டையில் மீதமிருந்த 36இல் 21 சேர்ந்துவிட்டன. 15 சேரவில்லை, அவற்றுக்குக் கடையே முந்திக்கொண்டு ரீஃபண்ட் போட்டுவிட்டது. இந்த 15தான் உண்மையில் கடிதத்தின் பலமான வரி. வராமலே தடுக்கப்பட்ட டிஸ்பியூட்டுகள் அவை.

சான்று என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். "டெலிவர்ட்" என்ற ஒரு சொல் தெரியும் ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிக்காது. தேதி, பின்கோடு, பெற்றவரின் கையொப்பம் அல்லது டெலிவரி ஓ.டி.பி. பதிவான கூரியர் ஆவணம் வேண்டும். அதிலுள்ள முகவரி ஆர்டரில் உள்ள முகவரியோடு ஒத்துப்போக வேண்டும். ரீஃபண்டுக்கு ஏ.ஆர்.என். எனும் எண் வேண்டும். அந்த எண் இருந்தால்தான் வாடிக்கையாளரின் வங்கி பணம் எங்கே போனது என்று தேட முடியும். நிறப் புகார்களுக்கு, விற்பனைப் பக்கத்தில் அன்றிருந்த படமும் விவரமும், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரோடு நடந்த பேச்சும் உதவும். டாஷ்போர்டில் காட்டும் கடைசித் தேதிக்குள் பதில் போகாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

இப்போது அந்த ஒரு எண்ணுக்கு வரலாம். கடை இன்றே மூடினால் நிறுவனத்துக்கு எவ்வளவு பாதிப்பு? ஒப்புக்கொண்ட 12 டிஸ்பியூட்டுக்கு 15,000 ரூபாய். எதிர்க்கும் 19உம் தோற்றாலும் 23,750. இன்னும் வழியில் இருக்கும் 42 பார்சலும் சேராமல் போனால் 52,500. மேலும் இரண்டு மாதத்தின் 3,200 ஆர்டரில் வழக்கமான 0.4 சதவீதப்படி இன்னும் 13 டிஸ்பியூட் வரும் என்று வைத்தால் 16,250. எல்லாம் மோசமாகப் போனாலும் மொத்தம் 1,07,500. டிஸ்பியூட் கட்டணங்களையும் சேர்த்து 1,25,000 என்று தாராளமாகவே வைக்கலாம். நின்றிருப்பது 6,40,000. மீதி 5,15,000 ரூபாய் எந்த அபாயத்துக்கும் ஈடாக நிற்கவில்லை. டிஸ்பியூட் திறந்தவுடனே அந்தத் தொகையைச் செட்டில்மென்ட்டில் கழித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. அப்படிக் கழிந்திருந்தால் 15,000உம் 23,750உம் இரண்டாம் முறை எண்ணப்படுகின்றன. ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

கடிதம் நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் அதன் உடல் இப்படி அமையும்:

"பொருள்: மெர்ச்சன்ட் ஐ.டி. ______ கணக்கில் நவம்பர் 10 முதல் நிறுத்திய ரூ. 6,40,000இல் ரூ. 5,15,000ஐ விடுவிக்கக் கோருதல். ரிஸ்க் பிரிவின் பார்வைக்கு.

மதிப்புக்குரியீர்,

நவம்பர் 25 வரை எங்கள் கணக்கில் 31 டிஸ்பியூட் வந்துள்ளன. அக்டோபரில் நடந்த 2,400 ஆர்டரோடு ஒப்பிட்டால் இது 1.3 சதவீதம்; எங்கள் வழக்கமான அளவு 0.4. இந்த உயர்வு எங்களுக்கும் ஏற்க முடியாததே.

31இல் 22, அக்டோபர் 17 அன்று அனுப்பிய 58 பார்சல் கொண்ட ஒரே மூட்டையைச் சேர்ந்தவை. அந்த 58இன் இன்றைய நிலை இணைப்பு 1இல் எண்வாரியாக உள்ளது: 34 சேர்ந்தன, 15க்கு நாங்களே ரீஃபண்ட் கொடுத்தோம், 9 டிஸ்பியூட்டை ஒப்புக்கொண்டோம். நிலுவையில் எதுவும் இல்லை. ரீஃபண்ட் பதியாமல் விட்ட மூன்று எங்கள் தவறு, அவற்றையும் ஒப்புக்கொண்டோம். மற்ற 19க்கான சான்றுகள் டாஷ்போர்டில் ஏற்றப்பட்டுள்ளன.

நவம்பர் 12 முதல் அந்த வழித்தடத்துக்கு வேறு கூரியரில் அனுப்புகிறோம். ரீஃபண்ட் ஒப்புக்கொண்ட அன்றே பதியப்படுகிறது. கார்டு ஸ்டேட்மென்ட்டில் எங்கள் கடைப் பெயரே வரும்படி மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கணக்கில் உங்களுக்கு வரக்கூடிய அதிகபட்சப் பொறுப்பு ரூ. 1,07,500, கணக்கு இணைப்பு 2இல். ரூ. 1,25,000ஐ நீங்கள் ரிசர்வாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம். மீதியை விடுவித்து, அன்றாடச் செட்டில்மென்ட்டைத் தொடரக் கேட்கிறோம். முழுமையாகத் தொடர இயலாது எனில், புதிய விற்பனையில் 10 சதவீதத்தை 90 நாளுக்கு நிறுத்திவைத்துக்கொள்ளலாம்.

இயலாத பட்சத்தில், எந்த ஒப்பந்த விதியின்படி, எந்தத் தேதி வரை தொகை நிறுத்தப்படுகிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

இந்தக் கடிதத்தில் இல்லாதவற்றையும் கவனிக்கலாம். மூன்று தலைமுறைக் கடை என்ற பெருமை இல்லை. நெசவாளர் கூலி பாக்கி என்ற வருத்தமும் இல்லை. அவை உண்மையாக இருக்கலாம். ஆனால் பணக் கஷ்டத்தை விரித்து எழுதுவது ரிஸ்க் பிரிவில் எதிர்மாறாகவே படிக்கப்படும்: கையில் பணமில்லாத கடைதான் சார்ஜ்பேக்கைக் கட்ட முடியாத கடை. முழுத் தொகையையும் உடனே கேட்காததும் அதே காரணத்தால்தான். எதையாவது வைத்துக்கொள்ளச் சொல்கிறவருக்கு "சரி" என்று பதில் எழுதும் அதிகாரம் நிறுவனத்தில் கீழ்நிலையில் இருப்பவருக்கும் இருக்கலாம். முழு விடுவிப்புக்கு மேலிடம் போக வேண்டியிருக்கும்.

சட்டத்தைக் கடிதத்தில் எவ்வளவு தொடுவது என்பது தனிக் கேள்வி. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு விதித்த நெறிமுறைகளின்படி, இப்படித் திரளும் பணம் ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். நிறுவனம் தன் செலவுக்கு எடுக்க முடியாது. 2025 செப்டம்பரில் வந்த புதிய நெறிமுறைகளிலும் எஸ்க்ரோ ஏற்பாடு தொடர்கிறது. ஆகவே பணம் நின்றிருக்கிறது என்றால், அது கடையின் பணமாக ஒரு வங்கியில் கிடக்கிறது என்றே பொருள். "தொகை எஸ்க்ரோவில் உள்ளதா" என்று கேட்பது நியாயமான கேள்வி. அதே சமயம், ரிஸ்க் காரணத்துக்காக நிறுத்திவைக்கும் உரிமையைக் கடைக்காரர் கையெழுத்திட்ட ஒப்பந்தமே வழக்கமாகத் தந்திருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் "சட்டவிரோதம்" என்று எழுதுவது கடிதத்தைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து எதுவும் வேகமாகத் திரும்பாது.

பதில் வராவிட்டால் அடுத்த படி நோடல் அதிகாரி. புகார் தீர்க்கும் முறையை வெளிப்படையாக அறிவித்து, ஒரு நோடல் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று 2020 நெறிமுறையே சொன்னது. அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அவருக்குப் புதிய கதை எழுத வேண்டியதில்லை. முதல் கடிதம், அதன் டிக்கெட் எண், இன்றைய நிலவரப்படி திருத்திய எண்கள், இவை போதும். அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியிடம் போக நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம், ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு பற்றிய புகார்களை ஏற்பதில்லை. "என் கடையை ரிஸ்க் என்று முடிவு செய்தது தவறு" என்ற புகார் அந்த வாசலிலேயே நின்றுவிடக்கூடும். காரணமும் முடிவுத் தேதியும் சொல்லாமல் பணம் நிற்கிறது, கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை என்பது வேறு வகைப் புகார். முதல் கடிதத்தின் கடைசிப் பத்தி எழுத்தில் பதில் கேட்பது இதற்காகவும்தான்.

விடுவிப்பு வந்தாலும் அது பெரும்பாலும் பகுதியாகவே வரும்: பழைய தொகையில் ஒரு பங்கு, பிறகு அன்றாடச் செட்டில்மென்ட், ரிசர்வ் மட்டும் தனி வரியாக. ரிசர்வில் 10 சதவீதம், 90 நாள் என்றால், டிசம்பர் 1 விற்பனையின் பத்தில் ஒரு பங்கு மார்ச் 1 அளவில் கைக்கு வரும், டிசம்பர் 2 விற்பனையுடையது மறுநாள் வரும். முதல் மூன்று மாதம் கடையின் வரவு பத்தில் ஒரு பங்கு குறைவாகவே ஓடும்; பிறகு ஒவ்வொரு நாளும் போவதும் வருவதும் சமமாகும். பொங்கல் சரக்குக்கு முன்பணம் கொடுக்கும்போது இந்தக் குறைவைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். குறித்த நாளில் ரிசர்வ் தானாக விடுபடாமல் போவதும் உண்டு என்பதால், ஒவ்வொரு மாத ஸ்டேட்மென்ட்டிலும் அந்த வரியைச் சரிபார்த்து, வராத தொகைக்குத் தேதி குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.